இன்டரப்டை நிறுத்தினால் ஏன் போதாது? ஸ்பின் லொக் வினாவுக்கு விடை எழுதும்போது

பல புரொசசர் உள்ள கணினியில் இன்டரப்டை நிறுத்துவது ஏன் போதாது என்று கேட்டால், "அந்தக் கட்டளை அதை ஓட்டிய கோரை மட்டுமே பாதிக்கும்" என்று பலர் எழுதுகிறார்கள். அது சரி, ஆனால் பாதி விடைதான். தொடர்ந்து "ஆகவே எல்லாக் கோர்களிலும் நிறுத்த வேண்டும்" என்று எழுதினால் விடை பிழைத்துவிடும்.

இன்டரப்டை நிறுத்துவது கோரை நிறுத்துவதல்ல. ஓடிக்கொண்டிருக்கும் வேலையை யாரும் இடையில் பறிக்காமல் மட்டுமே அது காக்கும். ஒற்றைக் கோரில் அது போதும், ஏனென்றால் அங்கே இன்னொரு வேலை உள்ளே வர இன்டரப்ட் ஒன்றே வழி. இரண்டு வளவுக்கு ஒரு பங்குக் கிணறு என்று வையுங்கள். இரு வீட்டாரும் தங்கள் படலையைச் சாத்திவிட்டே கிணற்றடிக்கு வரலாம். வெளியாள் ஒருவரும் குறுக்கிடமாட்டார், ஆனாலும் கிணற்றடியில் இருவர் நிற்பார்கள். நினைவகம்தான் அந்தக் கிணறு.

இதை விடைத்தாளில் காட்ட, பிழையான பூட்டையே எடுத்து ஓட்டிக் காட்டுங்கள். `cli` என்பது இன்டரப்டை நிறுத்தும் கட்டளை, `lock` 1 ஆக இருந்தால் பூட்டு ஒருவர் கையில் இருக்கிறது, 0 ஆகும்வரை மற்றவர் சுற்றிக்கொண்டே காத்திருப்பார்:

```c
cli();
while (lock) ;
lock = 1;
```

`lock` 0 ஆக இருக்கிறது. கோர் 0 அதை வாசிக்கிறது, 0 கிடைக்கிறது. அது 1 எழுதுமுன் கோர் 1 உம் வாசிக்கிறது, அதற்கும் 0. இரண்டும் 1 எழுதி உள்ளே போகின்றன. உள்ளே `count` 5 ஆக இருந்து இரண்டும் ஒன்று கூட்டினால், 7 வரவேண்டிய இடத்தில் 6 வரலாம். இரு கோரிலும் `cli` ஓடியே இருந்தது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.

வாசிப்புக்கும் எழுதலுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் குற்றவாளி. டெஸ்ட் அன்ட் செட் இரண்டையும் பிரிக்க முடியாத ஒரே செயலாக்குகிறது: 1 ஐ எழுதி, முன்பிருந்த பெறுமானத்தைத் திருப்பித் தரும்.

```c
while (test_and_set(&lock) == 1) ;
count++;
lock = 0;
```

இரு கோரும் ஒரே கணத்தில் கேட்டாலும் வன்பொருள் ஒன்றன்பின் ஒன்றாகவே விடும். முந்தியதற்கு 0 கிடைக்கும், பிந்தியதற்கு 1. பிந்தியது மறுபடி 1 எழுதுவதால் கெடுதல் இல்லை, அங்கே ஏற்கெனவே 1 தான். x86 இல் நினைவக இடத்தோடு வரும் `xchg` இதைச் செய்யும், `lock` முன்னொட்டுத் தேவையில்லை. கடைசி வரியைச் சாதாரண எழுதலாக விட்டால் கொம்பைலர் அதை `count++` இற்கு முன்னே நகர்த்திவிடலாம். ஆகவே உண்மையான நிரலில் C11 இன் `atomic_flag_clear` போன்றதைப் பயன்படுத்துங்கள்.

அப்படியென்றால் `cli` தேவையே இல்லையா என்பது அடுத்த பகுதியாக வரக்கூடிய வினா. இன்டரப்ட் ஹான்ட்லரும் அதே பூட்டைக் கேட்குமானால் தேவை. பூட்டைப் பிடித்திருக்கும் கோரிலேயே ஹான்ட்லர் வந்து சுற்றத் தொடங்கினால், பூட்டை விடவேண்டிய நிரல் அதன் கீழே அகப்பட்டுக் கிடக்கும், சுற்று முடியவே முடியாது. xv6 என்ற கற்பித்தல் இயங்குதளத்தில் பூட்டைப் பிடிக்கும் `acquire` அதனால்தான் முதலில் இன்டரப்டை நிறுத்திவிட்டுப் பூட்டைக் கேட்கிறது. விடும்போது பூட்டு முதலில், இன்டரப்ட் பிறகு.