கீரையை நிறுத்தச் சொன்னேன், ஐ.என்.ஆர் ஏறிவிட்டது

நர்ஸிங் மூன்றாம் ஆண்டு மெடிக்கல்-சர்ஜிக்கல் போஸ்டிங்கில் எனக்குக் கிடைத்த கேஸ் 58 வயது அம்மா ஒருவர். முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாவது வாரம், இடது கால் திடீரென்று வீங்கி வலிக்க ஆரம்பித்திருக்கிறது. டாப்ளர் ஸ்கேனில் தொடையின் ஆழ்சிரையில் ரத்தக்கட்டி. 60 கிலோ எடை. ரத்தம் உறைவதைத் தடுக்கிற ஹெப்பாரின் டிரிப்பும் வார்ஃபரின் மாத்திரையும் ஒரே நாளில் தொடங்கினார்கள். அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்ட நாட்களில் நான் மூன்று தப்பு செய்தேன். அடுத்து இந்தப் போஸ்டிங்குக்குப் போகிறவர்களுக்கு உதவும் என்று மூன்றையும் எழுதி வைக்கிறேன்.

முதல் தப்பு இரண்டாம் நாள் காலை நடந்தது. ஹெப்பாரின் சரியான அளவில் வேலை செய்கிறதா என்று பார்க்க, ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று காட்டும் ஏ.பி.டி.டி பரிசோதனை. எங்கள் லேபில் இயல்பு நேரம் ஏறக்குறைய 30 விநாடி. ஹெப்பாரின் ஓடும்போது அது ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டரை மடங்குக்குள், அதாவது 45 முதல் 75 விநாடிக்குள் இருக்க வேண்டும். முந்தின இரவு 58 வந்திருந்தது, நல்ல எண். காலையில் நான் எடுத்து அனுப்பிய ரத்தத்துக்கு 150க்கு மேல் என்று பதில் வந்தது. பயிற்சி டாக்டர் டிரிப்பை நிறுத்திவிடலாம் என்றார். இன்சார்ஜ் சிஸ்டர் நோயாளியிடம் போய் ஈறு, ஊசி போட்ட இடம், சிறுநீர் நிறம், நாடி எல்லாம் பார்த்துவிட்டு வந்து என்னிடம் ஒரே கேள்வி கேட்டார்: "எந்தக் கையில ரத்தம் எடுத்தம்மா?"

இடது கை. வலது கையில் நரம்பு கிடைக்கவில்லை, இடதில் நன்றாகத் தெரிந்தது. டிரிப் ஓடிக்கொண்டிருந்ததும் இடது கைதான். ஓடுகிற ஹெப்பாரினையும் சேர்த்துத்தான் நான் டியூபில் பிடித்திருக்கிறேன். வலது கையில் சிஸ்டரே மறுபடி எடுத்து அனுப்பினார், 64 வந்தது. அன்று டிரிப்பை நிறுத்தியிருந்தால் புதுக்கட்டியோடு இருக்கிற ஒருவருக்கு மருந்தே இல்லாமல் சில மணி நேரம் போயிருக்கும்.

டியூப் விஷயத்தையும் சிஸ்டர் அப்போதே சொல்லிக்கொடுத்தார். வெளிர்நீல மூடி டியூபில் சிட்ரேட் திரவம் இருக்கிறது. ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது கணக்கு. கோடு வரை நிரப்பாமல் விட்டால் சிட்ரேட் அதிகமாகி, ரத்தம் உறைய நேரமாவது போலப் பொய்யாகக் காட்டும். எண் எகிறி வந்தால் முதலில் நோயாளியைப் பார், அடுத்து ரத்தம் எடுத்த விதத்தைக் கேள். இரண்டும் சரியாக இருந்தால்தான் மருந்து அளவைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்.

இரண்டாவது தப்பு வாய்ப்பேச்சோடு போயிற்று, நல்ல வேளை. மூன்றாம் நாள் ஐ.என்.ஆர் வந்தது. வார்ஃபரினுக்கு இதுதான் அளவுகோல். ஒவ்வொரு லேபின் வேதிப்பொருளும் கொஞ்சம் வித்தியாசமாக வேலை செய்வதால், ரத்தம் உறைய ஆகிற புரோத்ராம்பின் நேரத்தை அப்படியே ஒப்பிட முடியாது. நோயாளியின் நேரத்தை இயல்பு நேரத்தால் வகுத்து, அந்த வேதிப்பொருளுக்கென்று உள்ள ஐ.எஸ்.ஐ எண்ணை அடுக்காகப் போடுகிறார்கள். எங்கள் அம்மாவுக்கு நேரம் 26 விநாடி, இயல்பு 13. வகுத்தால் 2. ஐ.எஸ்.ஐ 1.1 என்பதால் விடை 2.1. சிரைக்கட்டிக்கு வேண்டிய எல்லை 2 முதல் 3 வரை. நான் உற்சாகமாக, "சிஸ்டர், ஐ.என்.ஆர் வந்துவிட்டது, ஹெப்பாரினை நிறுத்திடலாம்ல?" என்றேன்.

"இன்னைக்கு எத்தனையாவது நாள்?" என்றார்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு ராத்திரி தேவைப்பட்டது. வார்ஃபரின் ஏற்கனவே ரத்தத்தில் இருக்கிற உறைவுக் காரணிகளைத் தொடுவதில்லை. கல்லீரல் வைட்டமின் கே-யைப் பயன்படுத்திப் புதிதாகச் செய்கிற இரண்டு, ஏழு, ஒன்பது, பத்து என்ற காரணிகளின் உற்பத்தியைத்தான் தடுக்கிறது. பழைய சரக்கு தீரும்வரை காத்திருக்க வேண்டும். ஏழாவது காரணி சுமார் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும், அதனால் ஐ.என்.ஆர் சீக்கிரமே ஏறிவிடுகிறது. ஆனால் கட்டி வளர்வதற்கு முக்கியமான இரண்டாவது காரணி பாதியாக ஏறக்குறைய இரண்டரை நாள் ஆகும். மூன்றாம் நாள் பேப்பரில் 2.1 என்று இருந்தாலும் உள்ளே கட்டி பிடிக்கும் சக்தி இன்னும் மிச்சம் இருக்கிறது. போதாக்குறைக்கு, உறைதலைக் கட்டுப்படுத்துகிற புரோட்டீன் சி-யும் வைட்டமின் கே-யைப் பயன்படுத்திச் செய்யப்படுவதுதான். அதுவும் ஆரம்பத்திலேயே குறைந்துவிடுகிறது. ஆகவே முதல் சில நாட்கள் வார்ஃபரினை மட்டும் நம்பி விடுவது ஆபத்து. இரண்டு மருந்தும் குறைந்தது ஐந்து நாளாவது சேர்ந்து போக வேண்டும், அதோடு ஐ.என்.ஆர் 2 அல்லது அதற்கு மேல் 24 மணி நேரமாவது நிற்க வேண்டும். எங்கள் அம்மாவுக்கு நான்காம் நாள் 2.3, ஐந்தாம் நாள் 2.5. ஆறாம் நாள்தான் டிரிப் கழன்றது. அந்த நாட்களில் பிளேட்லெட் எண்ணிக்கையையும் பார்த்துக்கொண்டே வந்தார்கள். ஹெப்பாரின் சிலருக்கு ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் பிளேட்லெட்டைப் பாதிக்கு மேல் இறக்கிவிடும், அப்போது ரத்தக்கசிவைவிடப் புதுக்கட்டிதான் பெரிய பயம்.

ரத்தக்கசிவு அறிகுறிகளைப் பரீட்சைக்கு வரிசையாக மனப்பாடம் செய்திருந்தேன். வார்டில் அது வேறு மாதிரி வந்தது. நான்காம் நாள் காலை அந்த அம்மா, "மலம் கருப்பா போகுதும்மா" என்று மெதுவாகச் சொன்னார். எனக்குக் கை நடுங்கியது. சிஸ்டர் அவசரப்படாமல் பெட்பேனைப் பார்க்கச் சொன்னார். கெட்டியாக, உருண்டையாக, கரும்பச்சையாக இருந்தது, வழக்கமான நாற்றம்தான். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் மலம் தார் போலப் பளபளத்து ஒட்டும், நாற்றமும் தனி. ஒரு முறை பார்த்தால் மறக்காது. ஆனாலும் கண்ணால் பார்த்ததோடு விடவில்லை. நாடி 82, முந்தின நாளும் அதே, ரத்த அழுத்தம் மாறவில்லை, ஹீமோகுளோபின் அனுப்பினோம், குறையவில்லை, டாக்டருக்கும் சொன்னோம்.

அன்றிலிருந்து நான் நாடியைத்தான் முதலில் பார்க்கிறேன். உள்ளே ரத்தம் போனால் உடம்பு கொஞ்ச நேரம் சமாளிக்கும், அழுத்தம் இறங்குமுன் நாடி ஏறிவிடும். இடுப்பில், முதுகின் ஒரு பக்கத்தில் புதிதாக வலி என்று யாராவது சொன்னால் படுக்கை சரியில்லை என்று விட்டுவிடக் கூடாது. வயிற்றுக்குப் பின்னால் ரத்தம் தேங்குகிறபோது வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. புதிய தலைவலி, குழறல், குழப்பம் என்றால் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே கூப்பிட வேண்டியதுதான்.

இனி மூன்றாவது தப்பு. இதுதான் என்னை இதை எழுத வைத்தது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் உணவு பற்றிச் சொல்லிக்கொடுக்க என்னை விட்டார்கள். கீரையில் வைட்டமின் கே அதிகம், அது வார்ஃபரினை எதிர்க்கும். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். "கீரை, முட்டைக்கோஸ் எதுவும் சாப்பிடாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு, "சொல்லிக்கொடுத்தாயிற்று" என்று நர்ஸஸ் நோட்ஸில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அதற்கு முன்னால் நீங்கள் வழக்கமாக என்ன சாப்பிடுவீர்கள் என்று நான் கேட்கவே இல்லை.

பத்தாம் நாள் மறுபரிசோதனைக்கு வந்தார். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது என்றார், முழங்கையில் எங்கே இடித்தோம் என்றே தெரியாத ஒரு நீலக் கன்றல். ஐ.என்.ஆர் 4.8. டோஸ் மாறவில்லை, தினமும் இரவு அதே 5 மில்லிகிராம். சிஸ்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆன்டிபயாட்டிக் ஏதாவது சாப்பிட்டீர்களா? வலி மாத்திரை? மறந்துபோய் ஒரே நாளில் இரண்டு மாத்திரை? வயிற்றுப்போக்கு, காய்ச்சல், சாப்பாடு இறங்காமை? எல்லாவற்றுக்கும் இல்லை. கடைசியில் சாப்பாட்டில் என்ன மாற்றம் என்று கேட்டபோது அந்த அம்மா என்னைக் கைகாட்டினார். "இந்தப் பாப்பாதான் கீரையே கூடாதுன்னுச்சு. நான் தினம் ஒருவேளை கீரை இல்லாம சாப்பிடமாட்டேன். ஆஸ்பத்திரியிலயும் மக கொண்டாந்து கொடுத்தா. இப்ப தொடவே இல்ல."

அந்த 5 மில்லிகிராம், தினமும் கீரை சாப்பிடுகிற உடம்பில் பார்த்துப் பார்த்து முடிவு செய்த அளவு. நான் தராசின் ஒரு தட்டை எடுத்துவிட்டேன், மறு தட்டு இறங்கிவிட்டது. டாக்டர் இரண்டு டோஸை நிறுத்தி மறுபடி பார்க்கச் சொன்னார். வைட்டமின் கே கொடுக்கவில்லை. கசிவு ஈறோடு நின்றது, ஹீமோகுளோபினும் குறையவில்லை. பெரிய கசிவு என்றால் கதையே வேறு, அப்போது ஊசி வழியாக வைட்டமின் கே-யும் உறைவுக் காரணிச் செறிவும் தேவைப்படும். இரண்டு நாள் கழித்து 2.9. பழைய டோஸையே, கீரையோடு சேர்த்து, மறுபடி தொடங்கினார்கள்.

இந்த முறையும் சொல்லிக்கொடுக்கும் வேலையை சிஸ்டர் என்னிடமே விட்டார். முதலில் ஒரு வாரம் என்னென்ன சாப்பிடுவார் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். அப்புறம் கீரையைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கட்டும் என்றேன். காய்ச்சல், வாந்தி என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்காவிட்டால் அதுவும் ஐ.என்.ஆரை ஏற்றும், போன் செய்யுங்கள். ஒரு மாத்திரை மறந்தால் அன்றைக்கே ஞாபகம் வந்தால் போடுங்கள். மறுநாள் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது. எந்தப் புது மாத்திரைக்கும், மூலிகைப் பொடிக்கும் முன்னால் கேளுங்கள். தலையில் அடிபட்டால் காயம் தெரியாவிட்டாலும் வாருங்கள்.

முடித்துவிட்டு, "இப்ப நான் சொன்னதை நீங்க எனக்குச் சொல்லுங்கம்மா" என்றேன். முந்தின தடவை இதையும் செய்யவில்லை. அவர் விரல் விட்டு எண்ணி எல்லாம் சரியாகவே சொன்னார், ஒன்றைத் தவிர: "கீரை சாப்பிடாத அன்னிக்கு மாத்திரையைப் பாதியாப் போடணும், அதானே?"

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.