பூச்சியத்தில் ரெலுவின் வகைக்கெழு: தேர்வுத்தாளில் எதை எழுதுவது?

கேட் தேர்வில் தரவு அறிவியலுக்கும் செயற்கை நுண்ணறிவுக்குமான டி.ஏ. தாள் 2024-ஆம் ஆண்டு அறிமுகமானது. அதன் பாடத்திட்டத்தில் எல்லை, தொடர்ச்சி, வகையிடத்தக்க தன்மை ஆகியவை ஒரு பகுதியிலும், பல அடுக்கு நியூரல் நெட்வொர்க் வேறொரு பகுதியிலும் வருகின்றன. குறை எண்ணை 0 ஆக்கி, மற்ற எண்களை அப்படியே விடும் ரெலு சார்பு இவ்விரண்டு பகுதிகளும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. அத்தாளுக்கும், பின்னர் ஆராய்ச்சிப் படிப்புக்கான நேர்முகத் தேர்வுகளுக்கும் நான் தயாரானபோது, பூச்சியத்தில் ரெலுவின் வகைக்கெழு என்ன என்ற கேள்வியைப் பயிற்சித் தாள்களில் பல வடிவங்களில் பார்த்தேன். அதற்கு "இல்லை", "0", "0 முதல் 1 வரை எதுவும்" என மூன்று விடைகள் புழக்கத்தில் உள்ளன. மூன்றுமே சரியானவைதான், ஆனால் அவை மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கு உரியவை. வினாத்தாள் எந்தக் கேள்வியைக் கேட்கிறது என்று கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

முதல் கேள்வி பள்ளிக் கணிதத்தோடு முடிந்துவிடுகிறது. f(x) = max(0, x) என்ற ரெலு சார்புக்கு, பூச்சியத்தின் இடப்புறத்திலிருந்து கணக்கிட்டால் சாய்வு 0, வலப்புறத்திலிருந்து கணக்கிட்டால் 1. இரண்டும் பொருந்தாததால் வகைக்கெழு இல்லை. சார்பு அங்கே தொடர்ச்சியானது, ஆனால் வகையிடத்தக்கதன்று என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகரலாம்.

இரண்டாவது கேள்விக்குச் சற்று நிதானம் தேவை. வகைக்கெழு இல்லாத இடத்திலும், வரைபடத்தின் அந்தப் புள்ளியைத் தொட்டுக்கொண்டு எந்த இடத்திலும் வரைபடத்துக்கு மேலே போகாத நேர்கோடுகளை வரைய முடியும். அத்தகைய கோட்டின் சாய்வே சப்கிரேடியன்ட். வரைபடத்தின் எந்த இரு புள்ளிகளை இணைக்கும் கோடும் வரைபடத்துக்குக் கீழே இறங்காத கான்வெக்ஸ் சார்பு ஒன்றுக்கு a என்ற புள்ளியில் g ஒரு சப்கிரேடியன்ட் என்றால், எல்லா x-க்கும் f(x) ≥ f(a) + g(x − a) என்பது உண்மையாக இருக்க வேண்டும். ரெலுவுக்கு a = 0 என்று இட்டால் இது max(0, x) ≥ gx என்று சுருங்குகிறது. x மிகை எண்ணாக இருக்கும்போது x ≥ gx, ஆகவே g ≤ 1. x குறை எண்ணாக இருக்கும்போது 0 ≥ gx, ஆகவே g ≥ 0. எனவே பூச்சியத்தில் சப்கிரேடியன்ட்களின் கணம் [0, 1] என்ற மூடிய இடைவெளி.

இதை எண்களை இட்டுச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. g = 0.4 என்றால், x = 5-இல் கோட்டின் உயரம் 2, சார்பின் மதிப்பு 5; x = −5-இல் கோடு −2, சார்பு 0. இரு இடங்களிலும் கோடு கீழேயே இருக்கிறது. g = 1.2 என்றால் x = 5-இல் கோடு 6-க்கு ஏறிச் சார்பைத் தாண்டிவிடுகிறது. g = −0.3 என்றால் x = −5-இல் கோடு 1.5-இல் நிற்க, சார்பு 0-இல் கிடக்கிறது. கேட் தேர்வின் பல விடைகளைத் தேர்ந்தெடுக்கும் வகைக் கேள்விகளில் பகுதி மதிப்பெண் கிடையாது. 0, 0.5, 1, 1.2 என்று நான்கு தெரிவுகள் கொடுக்கப்பட்டு, ஒருவர் 0.5-ஐ மட்டும் குறித்து ஓரங்களில் உள்ள 0-ஐயும் 1-ஐயும் விட்டுவிட்டால் அந்தக் கேள்வி முழுவதும் போய்விடும். மேலும், இந்தக் கணம் விரிந்திருப்பது சாய்வு சட்டென மாறும் முனையில் மட்டுமே; x = 3 போன்ற வழவழப்பான இடத்தில் 1 என்ற ஒரே சப்கிரேடியன்ட்தான் உண்டு.

மூன்றாவது கேள்வி மென்பொருளைப் பற்றியது. பயிற்சியின்போது கணினிக்கு ஒரு கணத்தைக் கொடுக்க முடியாது, ஓர் எண்ணைத்தான் கொடுக்க முடியும். எந்த எண் என்பது நிரலை எழுதியவர்கள் செய்துகொண்ட தெரிவு. பைடார்ச் என்ற நியூரல் நெட்வொர்க் நூலகத்தில் ஒரே சார்பை மூன்று விதமாக எழுதிப் பார்த்தால் இது கண்ணெதிரே தெரியும்.

```python
import torch
z = torch.tensor(0.0, requires_grad=True)
t = torch.tensor(0.0)
for f in (torch.relu,
          lambda a: torch.maximum(a, t),
          lambda a: a.clamp(min=0)):
    g, = torch.autograd.grad(f(z), z)
    print(g.item())
```

முதலாவது 0.0, இரண்டாவது 0.5, மூன்றாவது 1.0 என்று அச்சிடும். இரண்டு எண்களும் சமமாக இருக்கும்போது `maximum` கிரேடியன்டை இரண்டுக்கும் பாதியாகப் பிரித்துக் கொடுக்கிறது. `clamp` கீழெல்லையைத் தொட்ட மதிப்பையும் எல்லைக்கு உட்பட்டதாகவே கருதி 1-ஐத் தருகிறது. மூன்றுமே [0, 1]-க்குள் இருப்பதால் எதையும் பிழை என்று சொல்ல முடியாது.

பெரும்பாலான குறிப்புகள் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. என் அனுபவத்தில் நேர்முகத் தேர்வின் உண்மையான கேள்வி இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது: ரெலுவுக்குச் சப்கிரேடியன்ட் உண்டு, சரி, ரெலு வழியாகச் சென்று வரும் லாஸுக்கும் உண்டா? ஒரே ஒரு நியூரானை எடுத்துக்கொள்வோம். உள்ளீடு x = 2, எடை w = 1, பயாஸ் b = −2. அப்படியானால் z = wx + b = 0, வெளியீடும் 0. இலக்கு y = 3, லாஸ் என்பது வெளியீட்டுக்கும் இலக்குக்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கம்; ஆகவே இப்போது லாஸ் 9. வெளியீட்டைப் பொறுத்து லாஸின் வகைக்கெழு 2(0 − 3) = −6. முனையில் நாம் தேர்ந்தெடுக்கும் எண்ணை s என்றால், சங்கிலி விதியின்படி எடைக்குரிய கிரேடியன்ட் −6 × s × 2 = −12s, பயாஸுக்குரியது −6s.

இப்போது b-ஐ அப்படியே நிறுத்திவைத்து, லாஸை w-இன் சார்பாக மட்டும் பார்ப்போம். w = 1-இல் இதற்கு g என்ற சப்கிரேடியன்ட் இருப்பதாக வைத்துக்கொண்டு, வரையறையை இரண்டு புள்ளிகளில் சோதித்தாலே போதும். w = 0 என்றால் வெளியீடு 0, லாஸ் 9; எனவே 9 ≥ 9 − g, அதாவது g ≥ 0. w = 2 என்றால் வெளியீடு 2, லாஸ் 1; எனவே 1 ≥ 9 + g, அதாவது g ≤ −8. இரண்டையும் ஒருசேர நிறைவேற்றும் எண் எதுவும் இல்லை. அதாவது, கான்வெக்ஸ் வரையறையின்படி இந்த லாஸுக்கு அந்தப் புள்ளியில் சப்கிரேடியன்டே கிடையாது. மேலிருந்து வரும் −6 என்ற குறை எண் ரெலுவின் முனையைத் தலைகீழாகப் புரட்டிவிட்டது; இடப்புறம் சமமாகக் கிடந்து வலப்புறம் சரியும் விளிம்பாக அது மாறிவிட்டது. அத்தகைய விளிம்பைத் தொட்டுக்கொண்டு, வரைபடத்துக்குக் கீழேயே இருக்கும் கோட்டை வரைய இயலாது.

இத்தகைய இடங்களுக்காக ஃபிராங்க் கிளார்க் என்ற கணிதவியலாளர் 1970-களில் வேறொரு வரையறையைக் கொடுத்தார். புள்ளியை நெருங்கும்போது அக்கம்பக்கத்து வகைக்கெழுக்கள் எந்தெந்த மதிப்புகளை நோக்கிச் செல்கின்றன என்று பார்த்து, அவற்றுக்கு இடையில் உள்ள எல்லா எண்களையும் சேர்த்துக்கொள்வது அவர் முறை. இங்கே இடப்புறம் 0, வலப்புறம் −12. ஆகவே கிளார்க் கணம் [−12, 0]. நாம் கணக்கிட்ட −12s அதற்குள் அடங்குகிறது. ஆனால் கான்வெக்ஸ் சார்பில் "கணத்துக்குள் 0 இருந்தால் அது சிறுமப் புள்ளி" என்று கிடைத்த உத்தரவாதம் இங்கே கிடைக்காது. s = 0 என்று வைத்தால் கிரேடியன்ட் பூச்சியமாகி எடை நகராமல் நின்றுவிடும்; w = 2.5-இல் லாஸ் முழுவதுமாக மறையக் காத்திருந்தாலும் அது நகராது. s = 1 என்று வைத்து, கற்றல் வீதம் 0.01-உடன் ஒரு படி எடுத்தால் w = 1.12, b = −1.94, z = 0.30; லாஸ் 9-இலிருந்து 7.29-க்கு இறங்குகிறது.

இலக்கை மட்டும் y = −1 என்று மாற்றினால் கதையே மாறுகிறது. மேலிருந்து வரும் வகைக்கெழு இப்போது +2. w-ஐப் பொறுத்து லாஸ் கான்வெக்ஸாகவே இருக்கிறது, சப்கிரேடியன்ட் கணம் [0, 4]. அதில் 0 இருப்பதால் w = 1 உண்மையாகவே ஒரு சிறுமப் புள்ளி. இங்கே s = 1 என்று வைத்தால் w = 0.96, b = −2.02, z = −0.10 என்று நியூரான் அணைந்த பக்கத்துக்குச் சரிகிறது; லாஸ் 1-இலேயே நிற்கிறது. எனவே, முனையில் எந்த எண்ணை வைப்பது சிறந்தது என்று ரெலுவை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. மேலிருந்து வரும் குறியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நேர்முகத் தேர்வில் கரும்பலகையைக் கொடுத்தால் இந்த இரண்டு இலக்குகளையும் அருகருகே போட்டுக் காட்டுவதையே நான் பரிந்துரைப்பேன்.

இதே காரணத்தால் எழும் இன்னொரு சிக்கலையும் அறிந்து வைத்திருக்கலாம். relu(z) − relu(−z) என்பது எந்த z-க்கும் z-ஆகவே இருக்கும். அதன் வகைக்கெழு எங்கும் 1. ஆனால் பைடார்ச்சின் `relu`-ஐக் கொண்டு z = 0-இல் கிரேடியன்ட் கேட்டால் 0 என்ற விடை வரும், ஏனெனில் இரு உறுப்புகளும் தனித்தனியே 0-ஐத் தருகின்றன. 0 என்பது இந்தச் சார்பின் எந்தக் கணத்திலும் இல்லை. கான்வெக்ஸ் சார்புகளின் கூட்டலுக்குப் பொருந்தும் விதி கழித்தலுக்குப் பொருந்தாது.

z சரியாகப் பூச்சியமாவது எப்போது நிகழும் என்பதும் வழக்கமாகத் தொடரும் கேள்வி. எடைகளைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கும்போது அது மிக அரிது என்பது பொதுவான விடை. ஆனால் கையெழுத்து இலக்கங்களின் தொகுப்பான எம்னிஸ்ட் படங்கள் நல்ல விதிவிலக்கு. 28 × 28 அளவுள்ள அந்தப் படங்களின் மூலைகள் கறுப்பு, அதாவது 0. படத்தை 255-ஆல் வகுத்தாலும் அது 0-ஆகவே இருக்கும். கெராஸ் நூலகத்தில் பயாஸின் தொடக்க மதிப்பும் 0 என்பதால், முதல் அடுக்கின் 3 × 3 வடிகட்டி மூலையில் நிற்கும்போது எடைகள் எவையாயினும் z சரியாக 0-தான். அந்த இடத்தில் உள்ளீடு 0 என்பதால் s எதுவாயினும் எடைகளின் கிரேடியன்டுக்கு மூலையிலிருந்து எதுவும் வராது. பயாஸின் கிரேடியன்ட் மட்டுமே s-ஐப் பொறுத்து மாறும். படங்களைச் சராசரி 0.1307, திட்ட விலக்கம் 0.3081 கொண்டு இயல்பாக்கினால் கறுப்பு −0.4242 ஆகிவிடுவதால் இந்த நிலைமையே எழாது. இயல்பாக்காவிட்டாலும், முதல் படியில் பயாஸ் பூச்சியத்திலிருந்து சற்று நகர்ந்துவிட்டால் மூலையில் z முனையை விட்டு விலகிவிடும்.