ஏழில் செவ்வாய், ஜன்னலில் காற்று

எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. கார்த்திகை பிறந்தால் பாலக்காட்டுக் கணவாயில் கிழக்குக் காற்று கிளம்பிவிடும். இந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டாம். ஓடு தடதடக்கும், காயப்போட்ட வேட்டி பக்கத்துத் தோப்பில் போய்க் கிடக்கும், ராத்திரி முழுக்க ஜன்னல் டமார் டமார் என்று அடிக்கும்.

2024 டிசம்பரில் எனக்கும் என் மனைவிக்கும் சண்டை அந்த ஜன்னலில்தான் ஆரம்பித்தது. கொக்கி தேய்ந்துபோயிருந்தது. "ஏனுங்க, அதை மாத்தச் சொல்லி எத்தனை நாளாச்சு?" என்று அவள் கேட்டாள். "நாளைக்கு" என்றேன். அந்த நாளைக்கு மூன்று வாரம் நீண்டது. அப்புறம் பேச்சு கொக்கியை விட்டு அரிசிக்குப் போனது. அவளுக்கு மட்டை அரிசி, எனக்கு புழுங்கல் அரிசி. அரிசியிலிருந்து என் தங்கச்சி கல்யாணத்தில் யார் யாரைக் கூப்பிடவில்லை என்பதற்குப் போனது. சண்டை எப்போதுமே பழைய பாக்கிகளை வசூலித்துவிட்டுத்தான் ஓயும்.

பொள்ளாச்சியிலிருந்து அம்மா போன் செய்தார். "கண்ணு, உனக்கு மகரம், அவளுக்குக் கடகம். செவ்வாய் இப்பக் கடகத்துல நிக்குது. உனக்கு ஏழுல, அவளுக்கு ஜென்மத்துல. ரெண்டு பேருக்கும் செவ்வாய் தோஷம் வந்துருச்சு. பேச்சக் குறை."

எனக்கு ஒரே சந்தோஷம். மூன்று வாரமாகக் கொக்கி மாற்றாததற்கு இத்தனை பெரிய காரணம் ஆகாயத்திலேயே கிடைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அவள் ஜாதகத்தை எடுத்துப் பார்த்தேன். அதை மலையாளத்தில் எழுதியிருந்தார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவுக்கு எனக்கு மலையாளம் வரும். கடகக் கட்டத்தில் 'ச' என்றும் 'கு' என்றும் இருந்தது. சொவ்வா என்பதுதானே மலையாளத்தில் செவ்வாய், அதனால் 'ச' செவ்வாய். 'கு' குரு. கடகத்தில் குரு உச்சம் ஆயிற்றே! "பரவாயில்லை, உனக்குக் குரு உச்சம்" என்று பெருந்தன்மையோடு அறிவித்துவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு ஜாதகத்தையும் தூக்கிக்கொண்டு சித்தூர்ப் பக்கம் ஒரு பணிக்கரிடம் போனேன். அவளையும் கூட்டிக்கொண்டுதான். அது தப்பு.

பணிக்கர் கட்டத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது குருவில்லை மாஷே, குஜன். அதாவது செவ்வாய். 'ச' சந்திரன். நீங்க கிரகத்தையே மாத்தி உக்கார வெச்சுட்டீங்க." அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு எந்தச் சாஸ்திரத்திலும் பரிகாரம் இருக்காது.

அடுத்து அம்மா சொன்ன தோஷத்தை எடுத்துக்கொண்டார். செவ்வாய் தோஷம் என்பது பிறந்த நேரத்தில் செவ்வாய் எங்கே இருந்தது என்பதை வைத்துச் சொல்வது. அது வந்து போகும் விருந்தாளி இல்லை. இப்போது நடப்பது கோசாரம், ஆகாயத்தில் கிரகம் நகர்வதை நம் ராசியிலிருந்து எண்ணிப் பார்ப்பது. சாதாரணமாகச் செவ்வாய் ஒரு ராசியில் ஒன்றரை மாதம் இருக்கும். வக்கிரமானால், அதாவது பின்னால் நடக்க ஆரம்பித்தால், கணக்கு நீளும். 2024 அக்டோபர் 20-ம் தேதி கடகத்துக்கு வந்தது, பன்னிரண்டு பாகையைக்கூடத் தொடாமல் டிசம்பர் 7-ல் வக்கிரமாகித் திரும்பிவிட்டது. சூரியனும் செவ்வாயும் ராசியின் முதல் பத்துப் பாகையில்தான் பலனை அதிகமாகக் கொடுக்கும் என்று ஜோதிடர்கள் சொல்வதுண்டு. "இது வாசல்லயே நின்னு சத்தம் போடற ஆள் மாதிரி, கேட்டீங்களா? உள்ளயும் போகாது, வெளியவும் வராது" என்றார் பணிக்கர். எங்கள் ஜன்னல்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

"ஏழுல செவ்வாய் வந்தா ஏன் சண்டைன்னு சொல்றாங்க?" என்று அவள் கேட்டாள். பணிக்கர் ஒரு தாளில் கட்டம் போட்டார். ஏழாமிடம் களத்திர ஸ்தானம், துணையின் வீடு. செவ்வாய் அக்னி, படைத்தளபதி, அவசரக்காரர். அவரை அந்த வீட்டில் குடிவைத்தால் எப்படி இருக்கும்? ஆனால் அவர் இருக்கும் இடத்தைவிடப் பார்க்கும் இடம்தான் முக்கியமாம். எல்லாக் கிரகமும் ஏழாம் இடத்தைப் பார்க்கும். செவ்வாய்க்கு மட்டும் நாலும் எட்டும் கூடுதல். கடகத்தில் நின்று ஏழாம் பார்வையாக மகரத்தைப் பார்க்கிறார், அதாவது என் ராசியில் இருக்கும் சந்திரனை. சந்திரன் மனசு. எட்டாம் பார்வை கும்பத்தில் விழுகிறது. அது எனக்கு இரண்டாமிடம், குடும்பமும் வாக்கும் சேர்ந்த வீடு. மனசு சூடாகிறது, சூடு வாய்க்கு வருகிறது. அவளுக்கோ அவர் சந்திரன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு, ஏழாம் பார்வையால் துணையின் வீட்டைப் பார்க்கிறார். நான் மகரம், அவள் கடகம், ராசிகள் எதிரெதிர். அதனால் ஒரே செவ்வாய் ஒரே நேரத்தில் இரண்டு பேரையும் பிடித்துக்கொள்கிறார். போதாததற்குக் கடகத்தில் அவர் நீசம். பலம் போன ஆளுக்குத்தான் கோபம் அதிகம் என்று பணிக்கர் சொன்னபோது அவள் லேசாகத் தலையாட்டினாள். யாரை நினைத்து என்று நான் கேட்கவில்லை.

ஆறாம் நூற்றாண்டிலேயே வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் ஏழாமிடச் செவ்வாய்க்கு மனைவியோடு கலகம், கண் நோய், வயிற்று நோய் என்று மூன்று பலன் எழுதிவைத்திருக்கிறாராம். மூன்றும் எனக்கு இருந்தது. கண்ணில் கிழக்குக் காற்றின் தூசி, வயிற்றில் நான் கோபத்தில் நானே வைத்துக்கொண்ட ரசம்.

"அப்ப இது செவ்வாய் வேலைதானுங்க?" என்று ஆவலாகக் கேட்டேன்.

அங்கேதான் பணிக்கர் என்னைக் கவிழ்த்தார். கோசாரத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லக்கூடாதாம். அப்படிச் சொன்னால் மகர ராசிக்காரர்கள் எல்லார் வீட்டிலும் ஒரே தேதியில் ஜன்னல் அடிக்க வேண்டும். என்ன தசை, என்ன புத்தி நடக்கிறது என்று பார்க்க வேண்டும், அஷ்டவர்க்கத்தில் பரல், அதாவது ஒவ்வொரு ராசியிலும் கிரகத்துக்கு விழும் புள்ளி, எத்தனை என்று எண்ண வேண்டும். ஒரு ராசியில் செவ்வாய்க்கு அதிகபட்சம் எட்டுப் பரல். நாலுக்குக் கீழே போனால்தான் கோசாரச் செவ்வாய் அங்கே வரும்போது கடிக்கும். விரலை மடக்கி மடக்கி எண்ணிவிட்டு நிமிர்ந்தார். "உங்க ஜாதகத்துல கடகத்துக்கு அஞ்சு பரல் உண்டு. செவ்வாய் உங்கள ஒண்ணும் செய்யல. வேற ஏதோ காரணம்."

"கொக்கிங்க" என்றாள் அவள்.

திரும்பி வரும் வழியில் கொக்கி வாங்கினோம். முப்பது ரூபாய். ஸ்க்ரூ தனி.

ஜனவரியில் ஒரு ராத்திரி மொட்டைமாடியில் அவளுக்குச் செவ்வாயைக் காட்டினேன். ஜனவரி 16-ல் அது சூரியனுக்கு நேர் எதிரே நின்றதால், அந்தி சாயும்போது உதித்து விடியும்வரை மங்காமல் இருந்தது. புனர்பூசத்தின் இரண்டு நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் செக்கச்செவேலென்று தெரிந்தது. "இவ்வளவுதானா?" என்றாள். ஏதோ நான் கொண்டுவந்து நிறுத்திய மாப்பிள்ளை மாதிரி.

ஜனவரி 21-ல் செவ்வாய் பின்னாலேயே நடந்து மிதுனத்துக்குப் போய்விட்டது. அம்மா உடனே போன். ஸ்பீக்கரில் போட்டேன், அது என் இரண்டாவது தப்பு.

"கண்ணு, இனி உனக்கு ஆறுல செவ்வாய். ஏப்ரல் வரைக்கும் கவலையே இல்ல. எதிரிங்க எல்லாம் உங்கிட்டத் தோத்துப் போவாங்க."

அரிசி களைந்துகொண்டிருந்தவள் அடுப்படியிலிருந்தே கேட்டாள். "அத்தை, இந்த வீட்டுல எதிரி யாருங்க?"

அம்மா போனை வைத்துவிட்டார்.