எச்சத்தில் நிறுத்தாதீர்கள்: வரிக்கு வரி மொழிபெயர்க்கப்படும் அறிமுக உரையைத் தயாரித்த விதம்

தமிழில் அறிமுக உரை எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. பிறந்து, படித்து, பணியில் சேர்ந்து, எழுதி, விருது பெற்று என்று எச்சம் எச்சமாகக் கோத்துக்கொண்டே போய், கடைசியில் ஒரே ஒரு முற்றில் வண்டியை நிறுத்துவோம். கேட்கிறவர் தமிழர் என்றால் இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஓட்டமாகக்கூட இருக்கும். பக்கத்தில் ஒருவர் நின்று ஒவ்வொரு வரியையும் ஆங்கிலத்தில் சொல்லப்போகிறார் என்றால் நிலைமை வேறு. அந்த ஓட்டத்தில் அவரால் எந்த இடத்திலும் வாய் திறக்க முடியாது.

கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவனின் பணியைப் பற்றிய ஒரு சொற்பொழிவுக்கு முன்னால் வரும் 5 நிமிட அறிமுகத்தை எடுத்துக்கொள்வோம். மேடையில் தமிழ், பக்கத்தில் ஆங்கிலம், அவையில் பாதிப் பேர் வெளிநாட்டு ஆய்வாளர்கள். முதல் வரைவு வழக்கம்போல இப்படித்தான் வந்தது:

“1954-இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, 1980-இல் விருப்ப ஓய்வு பெற்று, 1987 முதல் 1991 வரை தினமணி நாளிதழின் ஆசிரியராக இருந்து, இவற்றுக்கிடையே சிந்து எழுத்துகளையும் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளையும் ஆராய்ந்து, 2009-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற ஐராவதம் மகாதேவன் அவர்களை அறியாதவர் இங்கே இருக்க முடியாது.”

“சேர்ந்து” என்ற இடத்தில் மூச்சு விட்டு நிறுத்திப் பாருங்கள். மொழிபெயர்ப்பாளருக்கு ஓர் ஆண்டும் ஒரு வேலையும் கிடைத்துவிட்டன. ஆனால் யார் சேர்ந்தார்? ஆங்கில வாக்கியம் எழுவாயில் தொடங்க வேண்டும். நம் எழுவாயோ வாக்கியத்தின் கடைசியில் ஒளிந்திருக்கிறது. அதோடு நிற்கவில்லை. “அறியாதவர் இருக்க முடியாது” என்று இரண்டு எதிர்மறைகள் வாலில் தொங்குகின்றன. பாராட்டா, மறுப்பா என்பது கடைசிச் சொல் விழும்வரை யாருக்கும் தெரியாது. இந்த நிலையில் மொழிபெயர்ப்பாளருக்கு இரண்டே வழி: எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொண்டு கடைசியில் ஒரேயடியாகச் சொல்வது, அல்லது ஊகித்துத் தொடங்கிவிட்டுப் பிறகு தடுமாறுவது. முதல் வழியில் ஏதாவது ஓர் ஆண்டு காணாமல் போகும். இரண்டாவதில் எழுவாயே மாறிப்போகும்.

அதனால் முதல் வேலை, எச்சங்களை முற்றாக மாற்றுவது. உரையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது என்றால் காற்புள்ளி இருக்கும் இடத்தில் வெட்டுவது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி வெட்டினால் கிடைப்பது அரை வாக்கியம்தான். எழுவாயையும் வினைமுற்றையும் ஒவ்வொரு துண்டுக்குள்ளும் கொண்டுவர வேண்டும். மேலே உள்ள வரைவு கடைசியில் இந்த வடிவத்துக்கு வந்தது. ஒவ்வொரு வரியும் ஒரு துண்டு:

இன்று நாம் ஐராவதம் மகாதேவனின் பணியைப் பற்றிப் பேசப்போகிறோம்.
அவர் கல்வெட்டு அறிஞர். ஆனால் அது அவர் சம்பளம் வாங்கிய வேலை அல்ல.
1954-இல் அவர் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தார்.
1980-இல் அவர் விருப்ப ஓய்வு பெற்றார்.
1987 முதல் 1991 வரை அவர் தினமணி நாளிதழின் ஆசிரியராக இருந்தார்.
ஆய்வையும் அவர் விடாமல் செய்துவந்தார்.
1977-இல் சிந்து எழுத்துகளுக்கு ஒரு தொடரடைவை வெளியிட்டார்.

தமிழ்க் காதுக்கு இது கொஞ்சம் மொட்டையாகத்தான் படும். “அவர், அவர்” என்று திரும்பத் திரும்ப வருவது எழுத்தில் உறுத்தும். மேடையில் உறுத்தாது, ஏனென்றால் இரண்டு “அவர்”களுக்கும் நடுவே எட்டு வினாடி ஆங்கிலம் ஓடுகிறது. தமிழ் மட்டும் கேட்பவருக்கும் அந்த இடைவெளியில் எழுவாய் மறந்துவிடும், நினைவூட்டுவது நல்லதே.

இரண்டாவது வரியில் மட்டும் இரண்டு வாக்கியங்கள் சேர்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். “அவர் கல்வெட்டு அறிஞர்” என்று நிறுத்தி, அது ஆங்கிலமாகி, பிறகு “ஆனால்” என்று தொடங்கினால் முரணின் சூடு ஆறிப்போகும். எதிரெதிராக நிற்கும் இரண்டு குட்டி வாக்கியங்களும், நகைச்சுவையின் முடிச்சும் அவிழ்ப்பும் ஒரே துண்டில்தான் இருக்க வேண்டும். துண்டு குறுகலாக இருப்பது நல்லது என்பதற்காக எல்லாவற்றையும் மூன்று சொல்லாக நறுக்குவதும் பிழைதான். அப்படி நறுக்கினால் மொழிபெயர்ப்பாளர் தாளம் போடுவதுபோல நம் பின்னாலேயே வருவார், அவை தூங்கிவிடும்.

நீளத்தை எப்படி முடிவு செய்வது? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு துண்டு தமிழில் 6 வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் சுமார் 8. நாம் முடித்ததும் அவர் தொடங்கவும், அவர் முடித்ததும் நாம் தொடங்கவும் தலா 1 வினாடி. ஆக 16. ஐந்து நிமிடம் என்பது 300 வினாடி, வகுத்தால் 18 துண்டு. கைதட்டலுக்கும் தொண்டை கனைப்பதற்கும் இரண்டைக் கழித்தால் மிஞ்சுவது 16 துண்டு. அதாவது 5 நிமிட அறிமுகத்தில் நாம் உண்மையில் பேசுவது 96 வினாடிதான். இந்தக் கணக்கைப் போடாமல் ஐந்து நிமிட உரையை எழுதிக்கொண்டு போகிறவர்தான் பாதியில் பதறி, துண்டுகளை இரண்டிரண்டாக ஒட்டிச் சொல்லத் தொடங்குகிறார். ஒலிவாங்கி ஒன்றே ஒன்று என்றால் அது கைமாறவே ஒவ்வொரு முறையும் இன்னும் சில வினாடி போகும். இரண்டு ஒலிவாங்கி கேட்டு வாங்கிவிடுவது உத்தமம்.

16 துண்டுதான் என்று தெரிந்ததும் எதை வெட்டுவது என்பதில் தயக்கம் இருக்காது. முதலில் போக வேண்டியது மேடை வணக்கம். “மாண்புமிகு”, “பெருமதிப்பிற்குரிய” என்று ஆறு பேரை விளித்தால் ஆறு துண்டு போச்சு, மகாதேவன் இன்னும் வரவே இல்லை. “மேடையிலும் அவையிலும் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்” என்று ஒரு துண்டு போதும். யாராவது கோபித்துக்கொள்வார் என்றால், பெயர்களைத் தமிழில் மட்டும் சொல்லிக்கொள்ள மொழிபெயர்ப்பாளரோடு முன்கூட்டியே பேசிவைக்கலாம்.

அடுத்த கண்ணி பெயர்களும் நூல் தலைப்புகளும். கரூருக்கு அருகே புகளூர்க் கல்வெட்டில் உள்ள சேரர் பெயர்களைச் சொல்ல ஆசை வரும்: கோ ஆதன் செல்லிரும்பொறை, பெருங்கடுங்கோ, இளங்கடுங்கோ. மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் எந்த மொழிபெயர்ப்பாளரும் “மூன்று அரசர்கள்” என்று சொல்லித் தப்பிக்கத்தான் பார்ப்பார். அவர்மீது தவறில்லை. நாங்கள் ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, “அந்தக் கல்வெட்டில் சேர மரபின் மூன்று தலைமுறை இருக்கிறது” என்று அடுத்த துண்டாக்கினோம்.

தலைப்பில் நடக்கும் விபத்து இன்னும் நுட்பமானது. மகாதேவன் 2003-இல் வெளியிட்ட பெருநூல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதன் பெயர் ‘எர்லி தமிழ் எபிகிராஃபி’. நாம் அழகாக அதைத் தமிழாக்கி “பழந்தமிழ்க் கல்வெட்டியல்” என்று சொன்னால், மொழிபெயர்ப்பாளர் அதை மறுபடி ஆங்கிலமாக்குவார், உண்மையில் இல்லாத ஒரு புத்தகம் பிறக்கும். அவையில் இருக்கும் ஆய்வாளர்கள் அதைக் குறித்துக்கொண்டு போய்த் தேடுவார்கள். மூலத் தலைப்பை அப்படியே சொல்வதும், மொழிபெயர்ப்பாளர் கையில் இருக்கும் தாளில் எழுதிக் கொடுப்பதும்தான் வழி. “தொடரடைவு”, “தமிழ்-பிராமி” போன்ற சொற்களுக்கும் அந்தத் துறை வழங்கும் ஆங்கிலச் சொல்லைத் தாளிலேயே போட்டுவிட வேண்டும். “அவர்” ஆணா பெண்ணா என்பதையும் எழுதுங்கள். தமிழ் மரியாதையில் அது தெரியாது. ஆங்கிலத்தில் முதல் வாக்கியத்திலேயே தெரிந்தாக வேண்டும்.

தாள் என்றேனே, அது இரண்டு பேருக்கும் ஒரே தாளாக இருக்கட்டும். துண்டுகளுக்கு எண் போட்டு, 16 புள்ளி எழுத்தில், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு வெற்று வரி விட்டு, வலப்பக்கம் அவர் குறிப்பெழுத இடம் விட்டு அச்சடியுங்கள். ஒரு துண்டு பக்கத்தின் அடியில் தொடங்கி அடுத்த பக்கத்தில் முடியக் கூடாது. பக்கம் திருப்பும் சத்தத்தை நாம் முடித்துவிட்டதற்கான அடையாளமாக அவர் எடுத்துக்கொள்வார். முந்தின நாளே தாளைக் கொடுத்துவிட்டால், மேடையில் ஏதும் புதிதாகச் சேர்க்கும் உரிமையை நாம் இழந்துவிட்டோம் என்று பொருள். ஒரு திருக்குறளைத் திடீரென்று எடுத்து விடுவது தமிழ் மேடையில் பெரிய சபலம். ஏழு சீரையும் அந்த நொடியில் ஆங்கிலமாக்கச் சொல்வது கொடுமை. குறள் வேண்டும் என்றால் அதன் மொழிபெயர்ப்பையும் தாளில் சேர்த்துக் கொடுங்கள்.

நிறுத்தம் என்பது வெறும் மௌனம் ஆகாது. முற்றில் குரல் இறங்க வேண்டும். “சேர்ந்தார்” என்பதைக் குரல் தூக்கி முடித்தால், இன்னும் ஏதோ வரப்போகிறது என்று அவர் காத்திருப்பார், நாமும் காத்திருப்போம், அவை இருவரையும் பார்க்கும். அவர் பேசும்போது தாளுக்குள் தலையைக் கவிழ்க்காமல் அவையைப் பாருங்கள். அவர் கடைசிச் சொல்லை முடித்த பிறகு மனத்துக்குள் “ஒன்று” என்று எண்ணிவிட்டுத் தொடங்குங்கள். ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வினாடிதான் கடினம். பாதி கேட்டதுமே “சரி, வந்துவிட்டது” என்று அடுத்ததைத் தொடங்கிவிடுவார்கள். அப்போது அவர் வாக்கியத்தின் வால் நம் தமிழுக்கு அடியில் போய்விடும். ஆங்கில வாக்கியத்தில் இடமும் காலமும் பெரும்பாலும் அந்த வாலில்தான் இருக்கும்.

ஒத்திகை ஒரு முறை போதும், ஆனால் கைபேசியில் பதிவு செய்யுங்கள். கேட்கும்போது ஒன்றே ஒன்றைத் தேடுங்கள்: நாம் நிறுத்திய பிறகு அவர் இரண்டு வினாடிக்கு மேல் தயங்கிய இடம் எது? அல்லது ஆங்கிலத்தில் “அண்ட்…” என்று இழுத்த இடம் எது? அங்கே துண்டு நீளம், அல்லது எச்சம் ஒன்று மிச்சம். எங்கள் வரைவில் அப்படி மாட்டியது “1977-இல் வெளியிட்ட தொடரடைவில் எந்தக் குறி எந்த முத்திரையில் வருகிறது என்று பார்க்கலாம்” என்ற வரி. வெளியிட்டது ஒரு துண்டு, அதில் என்ன பார்க்கலாம் என்பது இன்னொரு துண்டு என்று பிரித்ததும் தயக்கம் போய்விட்டது.

மேடையில் அவர் பிழையாகச் சொன்னால் திருத்தலாமா? ஆண்டும் பெயரும் தவறினால் மட்டும். அதுவும் “அப்படியில்லை” என்று சொல்ல வேண்டாம். அதே துண்டைச் சரியான எண்ணை அழுத்தி மறுபடி தமிழில் சொன்னால் அவருக்கே புரிந்துவிடும். நடை, சொல்தேர்வு எல்லாம் அவர் பாடு.

கடைசித் துண்டில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். “இப்போது சொற்பொழிவாற்ற இன்னார் அவர்களை அழைக்கிறேன்” என்றதும் பெயரைக் கேட்டுத் தமிழ் அவை கைதட்டிவிடும், பேச்சாளர் எழுந்துவிடுவார், மொழிபெயர்ப்பு அந்த இரைச்சலில் மூழ்கிப்போகும். பாதி அவைக்கு யார் வருகிறார் என்றே தெரியாது. நாங்கள் அதையும் இரண்டாக்கினோம். “இந்தப் பணியைத் தொடர்ந்து செய்கிற ஒருவர் இப்போது பேசப்போகிறார்” என்பது 15-ஆவது துண்டு. அது ஆங்கிலமாகி முடிந்து, ஒரு வினாடி கழிந்த பிறகு, 16-ஆவதாகப் பெயர் மட்டும். அதை மொழிபெயர்க்க வேண்டியதே இல்லை.