பெரிய குவில்டைக் கட்டம் கட்டமாகத் தைத்து இணைத்தது: வீட்டு மெஷினில் 20 கட்டங்கள்

வீட்டுத் தையல் மெஷினில் பெரிய குவில்ட் தைக்க முடியாமல் போவதற்குக் காரணம் மோட்டார் இல்லை. ஊசிக்கும் அதன் வலப்பக்கத் தூணுக்கும் இடையே பெரும்பாலான மெஷின்களில் 6, 7 அங்குலம்தான் இருக்கும். மேல்துணி, பேட்டிங் என்கிற பஞ்சு விரிப்பு, பின்துணி மூன்றையும் முழு அளவில் அடுக்கிவிட்டால், நடுப்பகுதியைத் தைக்கும்போது பாதிக் குவில்டைச் சுருட்டி அந்தச் சந்துக்குள் திணிக்க வேண்டும். ஆகவே சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மூன்றடுக்கோடு தைத்து முடித்துவிட்டு, கடைசியில் பட்டை வைத்து இணைக்கிறோம். இதில் மூன்றடுக்கையும் சேர்த்துத் தைக்கும் குவில்டிங் சுலபம். பாடுபடுத்துவது இணைப்புதான், எனவே அதைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறேன்.

எடுத்துக்கொண்ட அளவு: அகலத்தில் 4, நீளத்தில் 5, ஆக 20 கட்டங்கள். ஒவ்வொன்றும் வெட்டி முடித்த பிறகு 18½ அங்குலச் சதுரம். இணைப்புப் பட்டை அரை அங்குலம். பட்டை கட்டங்களின் ஓரங்களுக்கு மேலேயே உட்காருவதால் அளவைக் கூட்டாது. எல்லாம் சேர்த்தால் 74 அங்குல அகலம், 92½ அங்குல நீளம்.

மேல்துணியை 18½க்கே தைத்துவிடக் கூடாது. குவில்டிங் தையல் போடப் போட மூன்றடுக்கும் உள்ளே இழுக்கும். நெருக்கமாகத் தைத்தால் கட்டம் கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை சுருங்குவது சாதாரணம். அதனால் மேல்துணியை 19½ அங்குலமாகவும், பேட்டிங்கையும் பின்துணியையும் 20½ அங்குலமாகவும் வைத்தேன். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒட்டுவேலையில் முக்கோண முனைகள் கட்டத்தின் ஓரம் வரை வந்தால், கடைசியில் வெட்டும்போது அந்த முனைகள் போய்விடும். அப்படிப்பட்ட வடிவத்தைச் சுற்றி ஒன்றரை, இரண்டு அங்குலத்துக்கு வெறும் துணியில் கரை வைத்துவிட்டால், வெட்டு விழுவது அந்தக் கரையில்தான்.

பேட்டிங் மெல்லியதாக, பருத்தியாகவோ பருத்தி அதிகம் உள்ள கலப்பாகவோ இருக்கட்டும். புசுபுசுவென்று உயரும் பாலியெஸ்டர் கட்டத்துக்குள் அழகாகத் தெரியும், இணைக்கும் இடத்தில் அடங்கவே அடங்காது.

20 கட்டங்களிலும் தையலின் அடர்த்தி ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் அரை அங்குலத்துக்கு ஒரு கோடு, பக்கத்துக் கட்டத்தில் 3 அங்குலத்துக்கு ஒரு கோடு என்று போட்டால், இரண்டையும் ஒரே அளவுக்கு வெட்டினாலும் ஒன்று அட்டை மாதிரி நிற்கும், மற்றது தொங்கும். இணைத்த பிறகு தளர்ந்த கட்டத்தின் ஓரம் அலையடிக்கும். முடித்த கட்டங்களை உடனுக்குடன் வெட்டாமல், 20ம் முடிந்த பின் எல்லாவற்றையும் அளந்து பாருங்கள். ஒன்றே ஒன்று 18¼தான் வருகிறது என்றால் எல்லாவற்றையும் 18¼க்கே வெட்ட வேண்டியதுதான். குறைந்த ஒன்றை மட்டும் இழுத்துச் சமாளிக்கப் பார்த்தால் வரிசையே கோணிக்கொள்ளும். வெட்டும்போது அறுபடும் தையல் நுனிகளைப் பற்றிக் கவலை வேண்டாம், அவை இணைப்புத் தையலுக்குள் மாட்டிக்கொள்ளும். வெட்டிய கையோடு ஒவ்வொரு கட்டத்திலும் வரிசை எண்ணும் இட எண்ணும் எழுதிய சீட்டை, மேல் ஓரம் எது என்று தெரியும்படி ஊக்கால் குத்திவிட வேண்டும். பின்துணியில் ஒரே திசை பார்க்கும் பூ அச்சு இருந்தால் தலைகீழான கட்டம் திருப்பிப் பார்க்கும்போதுதான் தெரியும்.

இனி பட்டை. முன் பட்டை 1⅛ அங்குல அகலம், ஒற்றைத் துணி. பின் பட்டை 1¾ அங்குலம். அதை நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போட்டால் முக்காலே அரைக்கால் அங்குலம், அதாவது ⅞, வரும். வரிசைக்குள் வரும் குட்டைப் பட்டைகள் 15, வரிசைகளுக்கு நடுவே வரும் நெடும் பட்டைகள் 4. 42 அங்குல அகலத் துணியில் இதற்கு 16 கீற்றுகள் வெட்ட வேண்டியிருக்கும். முன் பட்டைக்கு 60 சென்டிமீட்டர், பின் பட்டைக்கு 80 சென்டிமீட்டர் வாங்கினால் கொஞ்சம் மிஞ்சும்.

தைக்கும் முறை இது. முதல் கட்டத்தின் வலது ஓரத்தில், மேலே முன் பட்டையை நல்ல பக்கம் கீழே பார்க்கும்படி வையுங்கள். அதே ஓரத்தில், கட்டத்துக்கு அடியில், மடித்த பின் பட்டையை வையுங்கள். எல்லா வெட்டு ஓரங்களும் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும், பின் பட்டையின் மடிப்பு கட்டத்தின் உட்பக்கம் பார்க்க வேண்டும். கால் அங்குலம் விட்டு ஒரே தையல். மொத்தம் ஆறு அடுக்கு என்பதால் 90/14 ஊசி, 3 மில்லிமீட்டர் தையல் நீளம், மேலடுக்கையும் கீழடுக்கையும் ஒன்றாக நகர்த்தும் வாக்கிங் ஃபுட் மூன்றும் தேவை. பிறகு முன் பட்டையை மட்டும் வெளிப்பக்கம் விரித்து இஸ்திரி போடுங்கள். பின் பட்டை இருந்த இடத்திலேயே கட்டத்தின் முதுகில் படுத்திருக்கட்டும், இரண்டு ஊக்கு குத்தி வைத்தால் இன்னும் நல்லது. இப்போது முன் பட்டையின் மறு ஓரத்தை இரண்டாவது கட்டத்தின் இடது ஓரத்தோடு, நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க, கால் அங்குலத்தில் தைக்க வேண்டும். விரித்தால் இரண்டு கட்டங்களின் பஞ்சு ஓரங்களும் பட்டைக்கு அடியில் ஒன்றோடொன்று முட்டி நிற்கும். பின்பக்கம் திருப்பி, பின் பட்டையை அந்த முட்டுக்கு மேலே மடித்துவிட்டால் மறுபக்கத் தையலைத் தாண்டி அரைக்கால் அங்குலம் மூடும்.

இந்த இரண்டு தையல்களிலும் ஊசிக்கு வலப்பக்கம் இருப்பது கால் அங்குலம் மட்டுமே. இணைந்த கட்டங்கள் எத்தனை சேர்ந்தாலும் எல்லாம் இடப்பக்கம்தான் கிடக்கும். பெரிய குவில்ட் சின்ன மெஷினில் அடங்கும் சூட்சுமம் இதுதான்.

தப்பு நடப்பதும் அந்தக் கால் அங்குலத்தில்தான். முன் பட்டை 1⅛. இரு பக்கமும் கால் போனால் மிச்சம் ⅝. கட்டங்கள் இரண்டும் பட்டைக்கு அடியில் நீட்டுவது கால், கால், ஆக அரை. மிச்சமிருக்கும் அரைக்கால் துணி திரும்பும் வளைவுக்குச் சரியாகப் போய்விடும். இப்போது தையல் கொஞ்சம் அகலமாகி ⅜ ஆனால் என்ன ஆகும்? பட்டையில் மிச்சம் ⅜தான், அடியில் நீட்டும் ஓரங்களோ ¾. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, முதுகெலும்பு மாதிரி புடைத்து நிற்கும். தையல் குறுகிப் போனால் நேர்மாறு: பட்டை அகலமாகி, அடியில் பஞ்சு இல்லாத பள்ளம் விழும். பிழை இரண்டு பக்கமும் சேர்ந்து கணக்காவதால் சின்னத் தவறும் பெரிதாகத் தெரிகிறது.

கண்ணைவிடக் கட்டைவிரல்தான் இதைச் சரியாகக் கண்டுபிடிக்கும். பட்டையின் மேல் அழுத்தி நகர்த்தினால் மேடோ பள்ளமோ உடனே தட்டுப்படும். காரணம் பெரும்பாலும் ஃபுட்தான். வாக்கிங் ஃபுட்டின் வலது விளிம்பு பலவற்றில் ஊசியிலிருந்து கால் அங்குலத்தைவிடத் தள்ளி இருக்கும், அந்த விளிம்பையே நம்பித் தைத்தால் மேடுதான் வரும். ஊசியிலிருந்து அளந்து, மெஷின் தகட்டின் மேல் ஒட்டுநாடாவை நாலைந்து அடுக்காக ஒட்டி ஒரு தடுப்பு மாதிரி வைத்துக்கொண்டால் தடித்த ஓரம் அதில் உரசிக்கொண்டே நேராக வரும். 6 அங்குல மாதிரித் துண்டுகள் இரண்டை அதே பேட்டிங்கோடு தைத்து இணைத்துப் பார்க்காமல் உண்மையான கட்டத்தில் கை வைக்க வேண்டாம். முதல் மாதிரியில் மேடு வந்தால் தையலை ஒரு நூலிழை அளவு குறைக்கலாம், அல்லது முன் பட்டையை 1¼ ஆக்கிக்கொள்ளலாம்.

பின் பட்டையின் மடிப்பைக் கையால் ஹெம்மிங் செய்வதா, மெஷினிலா? மொத்த நீளம் ஏறக்குறைய 14½ மீட்டர், எனவே கேள்வி நியாயமானது. மெஷினில் என்றால், முன்பக்கத்தில் பட்டையும் இரண்டாவது கட்டமும் சேரும் பள்ளத்திலேயே தைத்தால் அடியில் உள்ள மடிப்பு பிடிபடும். ஆனால் அது தாண்டி நிற்பது அரைக்கால் அங்குலம்தான், தையல் கொஞ்சம் விலகினாலும் அடியில் வாய் பிளந்துவிடும். தண்ணீரில் கரையும் பசையால் முதலில் ஒட்டிக்கொண்டால் சமாளிக்கலாம். குட்டைப் பட்டைகளை இப்படி முடித்துவிடலாம். நெடும் பட்டைகளில் என் ஓட்டு கைத்தையலுக்கே. காரணம், மெஷினில் இந்தத் தையல் போடும்போது குவில்ட் விரிந்து கிடக்கிறது. ஒரு பக்கத்து வரிசைகளைச் சுருட்டி மறுபடியும் அந்த 7 அங்குலச் சந்துக்குள் விட வேண்டும். எதைத் தவிர்க்க இவ்வளவும் செய்தோமோ, அது திரும்பி வந்துவிடும். கையால் தைக்கும்போது ஊசி பின்துணியையும் பஞ்சையும் மட்டும் கவ்வ வேண்டும், முன்பக்கம் வரக் கூடாது.

குட்டைப் பட்டைகளின் பின்பக்கம் முடிந்த பிறகே வரிசைகளை இணைக்க வேண்டும், ஏனென்றால் நெடுந்தையல் அவற்றின் நுனிகளைக் கடந்து போகும். நெடும் பட்டை ஒவ்வொன்றுக்கும் இரண்டு கீற்றுகளைச் சாய்வாக ஒட்டுத்தைக்க வேண்டியிருக்கும். அந்த ஒட்டு முன் பட்டையிலும் பின் பட்டையிலும் ஒரே இடத்தில் வராமல் 5, 6 அங்குலம் தள்ளி இருக்கட்டும், குட்டைப் பட்டை வந்து முட்டும் இடத்திலும் வேண்டாம்.

குட்டைப் பட்டைகள் மேலும் கீழும் நேராகச் சேராமல் போவதுதான் பார்த்தவுடன் கண்ணில் குத்தும் குறை. நெடும் பட்டையின் முதல் ஓரம் தைத்து விரித்ததும், மேல் வரிசையின் குட்டைப் பட்டை ஒவ்வொன்றின் இரு விளிம்பையும் ஸ்கேல் வைத்து நெடும் பட்டையின் மேல் சாக்கால் நீட்டிக் குறியுங்கள். அடுத்த வரிசையின் பட்டைகளை அந்தக் குறிகளில் பொருத்தி, முதலில் நடுப் பட்டை, பிறகு பக்கத்துப் பட்டைகள், கடைசியாக நுனிகள் என்ற வரிசையில் ஊக்கு குத்த வேண்டும். ஒரு நுனியிலிருந்து ஆரம்பித்துக் கொண்டே போனால் விலகல் சேர்ந்து சேர்ந்து மறு நுனியில் நிற்கும். குறுக்கே கடக்கும் தடிப்பான இடத்தில் கால்மிதியை விட்டுவிட்டுக் கைச்சக்கரத்தால் மூன்று நான்கு தையல் போட்டால் ஊசி வளையாது.

வரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ப்பதைவிட, முதல் இரண்டை ஒன்றாகவும் அடுத்த மூன்றை ஒன்றாகவும் சேர்த்து, கடைசியில் இரண்டு பாதிகளை இணைப்பது எடையைக் குறைக்கும். அந்தக் கடைசித் தையலில் குவில்ட் முழுவதும் இடப்பக்கம் தொங்கினால் துணி ஊசியை இழுக்கும். தையல்கள் குட்டையாகி நெருங்குவதைப் பார்த்தாலே எடை இழுக்கிறது என்று அர்த்தம். மெஷினின் உயரத்துக்கே இடப்பக்கமும் பின்பக்கமும் மேசை போட்டுத் துணியைத் தாங்க வைத்தால் போதும்.

வெளி ஓரத்தை மூடும் பைண்டிங் வழக்கம் போலத்தான், 2½ அங்குலக் கீற்று 9 வேண்டும். அதற்கு முன் வெளி ஓரம் முழுவதும் அரைக்கால் அங்குலத்தில் ஒரு சுற்றுத் தையல் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஓரத்தில் முடியும் பின் பட்டை நுனிகள் பைண்டிங் ஏறும்போது மடிந்து, அந்த இடத்தில் மட்டும் ஒரு முடிச்சு மாதிரி நிற்கும்.