6/6 பார்வை, ஆனாலும் விழித்திரையில் ரத்தக்கசிவு: கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் அரை நாள்

பர்கூர் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருவர். வயது 52, சுகர் வந்து எட்டு வருடம். மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டும் அளவுக்குக் கிட்டப்பார்வை நன்றாக இருக்கிறது. எழுத்துப் பலகையில் இரண்டு கண்ணுக்கும் 6/6, அதாவது முழுப் பார்வை. "நல்லாத்தானுங்க தெரியுது, கண்ணுல மருந்தெல்லாம் எதுக்குங்க?" என்றார். சுகர் உள்ளவர்களுக்குக் கண் பார்க்கும் எங்களுக்கு இது பழகிய கேள்வி.

பலகையில் எழுத்தைப் படிக்க விழித்திரையின் நடுவில் உள்ள, ஒன்றரை மில்லிமீட்டர் அகலமே இருக்கும் சிறு குழி போதும். சுகரால் ரத்தக்குழாய்கள் கெடுவது பெரும்பாலும் அதைச் சுற்றியுள்ள இடங்களில் தொடங்குகிறது. அங்கே கசிவோ ரத்தப்புள்ளியோ இருந்தால் வலிக்காது, மங்கலாகவும் தெரியாது. நடுவில் நீர் கோக்கும்போதோ, கண்ணுக்குள் ரத்தம் கொட்டும்போதோதான் ஆள் உணர்கிறார். அதனால்தான் கண்மணியை விரித்து ஓரம்வரை பார்க்க வேண்டியிருக்கிறது. விரிக்காமல் எடுக்கும் கேமரா படமும் உண்டு. ஆனால் கண்மணி சிறிதாக இருந்தாலோ புரை இருந்தாலோ படம் கலங்கிவிடும், ஓரமும் அதில் முழுதாக வராது.

இதற்கு வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லை. சாப்பிட்டு, மாத்திரையோ இன்சுலினோ வழக்கம்போல் எடுத்துக்கொண்டு வரலாம். சுகர் நோட்டு, மாத்திரைச் சீட்டு, ஒரு தொப்பி அல்லது கறுப்புக் கண்ணாடி, கூட ஓர் ஆள் இருக்க வேண்டும். டூவீலரில் தனியாக வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதே எங்களுக்கு வருத்தம் தரும் வேலை. ஆனால் விரிந்த கண்ணோடு ஊத்தங்கரை ரோட்டில் வண்டி ஓட்ட விட முடியாது.

முதலில் பார்வை, பிறகு கண் அழுத்தம், பிறகு கண்ணின் முன்பகுதி ஆழம் பார்ப்போம். ஆழம் குறைவான கண்ணில் சொட்டு விட்டால் அழுத்தம் திடீரென ஏறலாம். பரிசோதனை முடிந்த அன்று இரவு கண்வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் வந்தால் காலைவரை காத்திருக்காமல் வர வேண்டும். இது அபூர்வம்தான், ஆனாலும் ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புகிறோம். இதய நோயோ கட்டுக்கடங்காத பிரஷரோ இருந்தால் முன்பே சொல்லுங்கள். வழக்கமான சொட்டில் டிராபிகமைடுடன் ஃபினைல்எஃப்ரின் சேர்ந்திருக்கும். அது பிரஷரை ஏற்றலாம் என்பதால் உங்களுக்கு டிராபிகமைடு மட்டும் விடுவோம்.

சொட்டு விட்டதும் கொஞ்சம் எரியும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று தடவை விடுவோம். சுகர் பல வருடமாக இருப்பவர்களுக்குக் கண்மணி மெதுவாகவே விரியும். இங்கேதான் அவசரம் கெடுக்கிறது. டார்ச் அடித்தால் கண்மணி இன்னும் சுருங்குகிறது என்றால் முழுதாக விரியவில்லை, இன்னொரு சொட்டு தேவை. பத்தே நிமிடத்தில் பார்த்து அனுப்பினால் ஓரம் தவறிப்போகும்.

விரிந்தபின் மருத்துவர் தலையில் மாட்டும் விளக்கோடு, கையில் லென்ஸைப் பிடித்து, மேலே, கீழே, இரு பக்கமும் பார்க்கச் சொல்லி முழு விழித்திரையையும் சுற்றிப் பார்ப்பார். இந்த மாந்தோப்புக்காரரின் வலக்கண்ணில் நான்கு பகுதியிலும் நிறைய ரத்தப்புள்ளிகள், தீவிர நிலை. இடக்கண்ணில் அதையும் தாண்டி, ரத்த ஓட்டம் குறைந்த விழித்திரை புதிய ரத்தக்குழாய்களை வளர்க்கத் தொடங்கியிருந்தது. அவை மெலிந்தவை, லேசில் கிழியும். கிழிந்தால் கண் முழுதும் ரத்தம் பரவும். நடுப்பகுதியில் மட்டும் இன்னும் நீர் கோக்கவில்லை, அதனால்தான் 6/6.

தீவிர நிலையில் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஒரு வருடத்துக்குள் புதிய குழாய்கள் வந்துவிடும். ஆகவே ஒன்றும் இல்லாதவருக்கு வருடம் ஒருமுறை போதுமென்றால், இவருடைய வலக்கண்ணை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இரண்டாம் வகை சுகருக்கு, கண்டுபிடித்த உடனேயே முதல் பரிசோதனை. கர்ப்பத்துக்கு முன்பே சுகர் இருந்த பெண்களுக்கு முதல் மூன்று மாதத்துக்குள்.

இடக்கண்ணுக்கு லேசர், சில அமர்வுகளாக. போன பார்வையை லேசர் மீட்டுத் தராது. பார்வை பெரிதாகப் போகும் ஆபத்தைப் பாதிக்கு மேல் குறைக்கும். இரவுப் பார்வையும் பக்கப் பார்வையும் கொஞ்சம் குறையலாம் என்பதையும் அவருக்கும் அவர் மகனுக்கும் முன்பே சொன்னோம்.

மாத்திரை இப்போது வீட்டுக்கே வருகிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. மாத்திரை வாங்கும் அட்டையிலேயே கண் பார்த்த தேதி, எந்த நிலை, நடுவில் நீர் உண்டா, அடுத்து எப்போது என்ற நான்கையும் எழுதித் தரக் கேட்டு வாங்குங்கள். சொட்டால் வரும் மங்கலும் கூச்சமும் நான்கைந்து மணி நேரத்தில் தெளிந்துவிடும். அதன்பின் என்றைக்காவது கரும்புள்ளிகள் மழைபோல் மிதந்தாலோ திரை விழுந்தாற்போல் இருந்தாலோ அடுத்த தேதிவரை இருக்காமல் அன்றே கிளம்பிவிடுங்கள்.