விரிவுரைக் குறிப்பை அன்றிரவே கேள்வியாக்குதல்: ஒரு தாதிமை மாணவியின் அனுபவம்

தாதிமைப் பட்டயப் படிப்பின் முதல் பருவத்தில் நான் எழுதிய உடலியல் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் சிறுநீரகம் சுரக்கும் நொதியைப் பற்றிய ஒரு பக்கத்தில் "ரெனின் கூடும்!!" என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருக்கிறேன். எப்போது கூடும், எதனால் கூடும் என்பது எங்கும் இல்லை. விரிவுரையாளர் அதை அழுத்திச் சொன்னார் என்பது மட்டும் மூன்று வாரம் கழித்து நினைவிருந்தது. அவர் சொன்னது என்னவென்று நினைவில்லை. அந்த ஒரு வரிக்காக இரண்டு மணி நேரப் பதிவை மறுபடியும் முழுவதுமாகக் கேட்க வேண்டியிருந்தது. அடுத்த பருவத்தில் நான் மாற்றிக்கொண்ட முறையை அதே பாடத்தை வைத்தே விளக்குகிறேன்.

சிங்கப்பூரில் எங்கள் பலதுறைத் தொழிற்கல்லூரியில், திரையில் காட்டும் வில்லைகள் விரிவுரைக்கு முன்பே பிடிஎஃப் ஆகக் கைக்கு வந்துவிடும். அப்படியிருந்தும் வகுப்பில் பெரும்பாலானோர் வில்லையில் இருப்பதையே திரும்ப எழுதிக்கொண்டிருப்போம். நான் முதலில் நிறுத்தியது இதைத்தான். ஏ4 தாளின் இடப்பக்கம் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் விட்டு ஒரு கோடு, அடியில் 5 சென்டிமீட்டர் விட்டு ஒரு கோடு போட்டுக்கொண்டேன். இது கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் வகுத்த பழைய அமைப்புதான். வலப்பக்க அகலப் பகுதியில் வில்லையின் எண்ணை எழுதி, அதன் எதிரே வில்லையில் இல்லாததை மட்டும் எழுதுவேன்: அவர் வாயால் சொன்ன காரணம், வார்டில் நடந்த உதாரணம், "போன வாரம் பார்த்தோமே, அதோடு சேர்த்துப் பாருங்கள்" என்று சொன்ன இணைப்பு. கேட்கத் தவறிய இடத்தில் ஒரு வெற்றுக் கட்டமும் அப்போதைய கடிகார நேரமும் போடுவேன். புரியாத இடத்தில் கேள்விக்குறி போடுவேன். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது, ஏனென்றால் கட்டத்தைப் பதிவிலிருந்து இரண்டு நிமிடத்தில் நிரப்பிவிடலாம், கேள்விக்குறிக்கு ஆளைத்தான் தேட வேண்டும். இடப்பக்கமும் அடிப்பகுதியும் வகுப்பில் காலியாகவே இருக்கும்.

அன்றைக்கே உட்கார வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளை மனனம் செய்து தம்மையே சோதித்து 1885-இல் வெளியிட்ட ஆய்வில், நினைவு முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலும்தான் மிகச் செங்குத்தாக இறங்குகிறது என்று கண்டார். பொருளுள்ள பாடம் அவ்வளவு வேகமாக மறைவதில்லை. ஆனால் என் அனுபவத்தில் முதலில் போவது வில்லையில் இல்லாத அந்த வாய்மொழி இணைப்புதான். வில்லை நாளைக்கும் இருக்கும், அது இருக்காது.

வீடு திரும்ப, கிளமெண்டியிலிருந்து தெம்பனிஸ் வரை எம்ஆர்டி ரயிலில் முக்கால் மணி நேரத்துக்கும் மேலாகும். உட்கார இடம் கிடைத்த நாள்களில் காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு கட்டங்களை அங்கேயே நிரப்பிவிடுவேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் கேள்விகளுக்கு. வில்லைகளை மூடிவைத்துவிட்டு, என் கையெழுத்துக் குறிப்பை மட்டும் பார்த்து இடப்பக்கத்தில் கேள்விகளை எழுதுவேன். வில்லை திறந்திருந்தால் அதன் தலைப்பே கேள்வியாகிவிடுகிறது. "ரெனின் என்றால் என்ன?" போன்ற கேள்விகளை முதலில் நிறைய எழுதினேன், ஒரு விரிவுரைக்கு நாற்பதுகூட. அவற்றுக்கெல்லாம் பதில் சொன்னேன், ஆனாலும் பாடம் எனக்குப் புரிந்திருக்கவில்லை.

சிறுநீரகம் இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் பாடத்தின் சுருக்கம் இதுதான். அழுத்தம் குறைந்தால் சிறுநீரகம் ரெனினைச் சுரக்கிறது. கல்லீரல் அனுப்பும் புரதம் ஒன்றை ரெனின் வெட்டி, ஆஞ்சியோடென்சின் ஒன்று என்ற பொருளாக்குகிறது. பெரும்பாலும் நுரையீரலின் இரத்த நாளங்களில் உள்ள ஏசிஇ நொதி அதை ஆஞ்சியோடென்சின் இரண்டு என்ற பொருளாக மாற்றுகிறது. இது நாளங்களைச் சுருக்குவதோடு அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனையும் தூண்டுகிறது. அல்டோஸ்டிரோன் சோடியத்தை உடலில் நிறுத்தி, பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. இந்தச் சங்கிலியை வரிசையாக ஒப்பிக்கச் சொல்லும் கேள்வி ஒன்று போதும். மற்ற கேள்விகள் சங்கிலியின் ஒரு கண்ணியை உடைத்துப் பார்ப்பவையாக இருக்க வேண்டும். அன்றிரவு நான் எழுதியவற்றில் மூன்றைத் தருகிறேன்.

ஏசிஇ நொதியைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்பவருக்கு இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏன் சோதிக்கிறோம்? அதே மாத்திரையால் சிலருக்கு வறட்டு இருமல் வருவதேன், இரத்த அழுத்தத்துக்கும் இருமலுக்கும் என்ன தொடர்பு? இந்த மாத்திரையால் ரெனின் அளவு கூடுமா, குறையுமா?

முதல் கேள்விக்குச் சங்கிலியின் கடைசி வரை நடந்தால் பதில் வந்துவிடும்: அல்டோஸ்டிரோன் குறைவதால் பொட்டாசியம் உடலில் தங்குகிறது. இரண்டாவதற்கு நடந்தாலும் வராது, ஏனென்றால் அதே நொதி பிராடிகைனின் என்ற பொருளையும் சிதைக்கிறது என்பதையும், நொதியைத் தடுத்தால் அது தேங்கி இருமலைத் தூண்டும் என்பதையும் தனியாகத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வில்லையில் இது இல்லை, விரிவுரையாளர் வாயால் சொன்னது. பதில்களை நான் முழுதாக எழுதுவதில்லை. "வில்லை 14, குறிப்புப் பக்கம் 3" என்று இடத்தை மட்டும் தாளின் பின்புறம் எழுதுவேன். பதிலும் அருகில் இருந்தால் கண் அங்கேதான் போகும்.

ஒரு விரிவுரைக்கு எட்டுக் கேள்விக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. ஒரே நாளில் இரண்டு விரிவுரைகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் நான்கு. அடிப்பகுதியில் பாடத்தை இரண்டு வரியில் எழுதச் சொல்வார்கள். எனக்கு அது பெரிதாகப் பயன்படவில்லை, அந்த இடத்தில் தீராத கேள்விக்குறிகளை எழுதி டுட்டோரியலுக்குக் கொண்டுபோகிறேன். மருந்தளவுக் கணக்குப் பாடத்துக்கு இந்த முறை பொருந்தாது. அங்கே கேள்விக்குப் பதிலாக எண்களை மாற்றிய கணக்குகளைத்தான் போட வேண்டும்.

கேள்வி சரியாக இருக்கிறதா என்று அறிய, அன்று வகுப்புக்கு வராத தோழியிடம் காட்டுவேன். "ஹார்மோன் மாற்றத்தை விளக்குக" என்று நான் எழுதியதைப் பார்த்து அவள், "எந்த ஹார்மோனு, எப்ப மாறுது? இதுல கேள்வியே இல்லையேடி" என்றாள். உண்மைதான். ஒரு மாதம் கழித்துப் பார்த்திருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

மறுநாள் காலையிலும், ஒரு வாரம் கழித்தும் வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு வாய்விட்டுப் பதில் சொல்வேன். தொடக்கத்தில் இது வீண் வேலையாகவே பட்டது, திரும்பப் படிப்பதுதான் நன்றாக ஏறுவதுபோல் இருந்தது. 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் வெளியிட்ட ஆய்விலும் ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். அன்று இரவே நன்றாகத் தெரிகிறது என்ற உணர்வை நான் அதனால் நம்புவதில்லை. தவறிய கேள்விக்கு எதிரே தேதியும் ஒரு பெருக்கல் குறியும் போடுகிறேன்.

ரெனின் அளவு பற்றிய மூன்றாவது கேள்வி அப்படி மூன்று பெருக்கல் குறிகள் வாங்கியது. நொதி தடைபட்டால் எல்லாமே குறையும் என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் "ரெனின் குறையும்" என்றே சொன்னேன். மூன்றாம் முறைதான் பிழை என்னிடம் மட்டுமில்லை, கேள்வியிலும் இருக்கிறது என்று பட்டது. ஒரே கேள்வியில் இரண்டு படிகளை மறைத்து வைத்திருந்தேன். அதை இரண்டாகப் பிரித்தேன். ஆஞ்சியோடென்சின் இரண்டு, ரெனின் சுரப்பை என்ன செய்கிறது? அது குறைந்துபோனால் ரெனினுக்கு என்ன ஆகும்? முதலாவதற்கு "அடக்குகிறது" என்று சொன்னதும், அடக்குவது இல்லாவிட்டால் கூடத்தானே செய்யும் என்று இரண்டாவதற்குத் தானாகவே பதில் வந்தது. பழைய குறிப்பேட்டில் இரண்டு கோடு போட்டு வைத்திருந்த "ரெனின் கூடும்" இதுதான்.